ஃபோர்த்களை அடுக்கி வாசிப்பது: பியானோவில் குவார்ட்டல் ஹார்மனிக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மேஜர், மைனர் கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்து, அதற்கு அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கான கட்டுரை இது. நோட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கட்டைகளின் பெயர் தெரிந்தால் போதும்.

சி மேஜர் கார்டில் சி, இ, ஜி என மூன்று நோட்டுகள் இருக்கின்றன. சி-யிலிருந்து இ ஒரு தேர்ட், இ-யிலிருந்து ஜி இன்னொரு தேர்ட். நாம் முதலில் கற்கும் கார்டுகள் அனைத்தும் இப்படித் தேர்ட்மேல் தேர்ட் வைத்துக் கட்டியவைதான். நடுவில் இருக்கும் இ-யை ஒரு கட்டை இறக்கினால் மேஜர் மைனராகிவிடும். காதுக்கு ஒரு கார்டு பளிச்சென்றோ சோகமாகவோ படுவதை அந்த ஒரு நோட்டே முடிவு செய்கிறது.

குவார்ட்டல் ஹார்மனியில் தேர்ட்டுக்குப் பதில் ஃபோர்த்தை அடுக்குகிறோம். சி, அதற்கு மேல் எஃப், அதற்கு மேல் பி ஃபிளாட். இதில் இ-யும் இல்லை, இ ஃபிளாட்டும் இல்லை. அதனால் மேஜரா மைனரா என்ற கேள்விக்கு இந்தக் கார்டு பதிலே சொல்வதில்லை. நோட்டுகளுக்கு இடையே இடமும் அதிகம். திறந்த, நவீனமான ஒலி என்று இதைச் சொல்வதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ஷோன்பெர்க் 1906-இல் எழுதிய முதல் சேம்பர் சிம்பனியின் தொடக்கத்திலேயே ஹார்ன் ஃபோர்த் ஃபோர்த்தாக ஏறிச் செல்லும். ஆனால் பியானோவில் கைக்குப் பழக்கிக்கொள்ள நேரான வழி ஜாஸ்தான். 1959-இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் பில் எவன்ஸ் வாசித்ததும், அதற்கடுத்த ஆண்டுகளில் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் மெக்காய் டைனர் வாசித்ததும் இந்த ஒலியைப் பியானோவுக்கு உரியதாக்கின. இங்கே அந்த வழியையே பின்பற்றுகிறோம். டி டோரியன் என்ற ஒரே ஸ்கேலை எடுத்துக்கொண்டு முழுவதும் அதிலேயே வேலை செய்வோம். டி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் கிடைப்பது அது. டி-யை ஸட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்.

ஆக்டேவைக் குறிக்கும்போது பியானோவின் நடு சி-யை சி4 என்று எழுதுகிறோம். யமஹா கீபோர்டுகள் அதே கட்டையை சி3 என்று கணக்கிடும். அத்தகைய கருவியில் வாசிப்பவர்கள் இங்கே வரும் எண்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்த்தைக் கண்டுபிடிப்பது

நமக்கு வேண்டியது பெர்ஃபெக்ட் ஃபோர்த். தொடங்கும் கட்டையை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து ஐந்து கட்டைகள் மேலே எண்ண வேண்டும். ஐந்து செமிடோன். சி-யிலிருந்து எண்ணினால் எஃப் வரும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது ஸ-விலிருந்து சுத்த மத்தியமம்.

ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வெள்ளைக் கட்டையில் தொடங்கினால் ஃபோர்த்தும் வெள்ளையிலேயே விழும், எஃப்-ஐத் தவிர. எஃப்-இன் ஃபோர்த் பி ஃபிளாட். கறுப்பில் தொடங்கினால் கறுப்பிலேயே விழும், எஃப் ஷார்ப்பைத் தவிர. அதன் ஃபோர்த் வெள்ளை பி. நினைவில் வைக்க வேண்டியது இந்த இரண்டு விதிவிலக்குகளை மட்டுமே.

புதியவர்கள் முதலில் வழுக்குவது எஃப்-இல்தான். வெள்ளையிலேயே கை போய்க்கொண்டிருப்பதால் எஃப்-க்கு மேல் பி-யை அழுத்திவிடுவார்கள். அது ஆறு செமிடோன், அதாவது ட்ரைட்டோன். எஃப், பி ஃபிளாட் இரண்டையும் சேர்த்து அழுத்திக் கேளுங்கள், பிறகு எஃப், பி. முதலாவது அமைதியாக நிற்கும். இரண்டாவது எங்கோ போகத் துடிக்கும். இந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபடும்வரை இங்கேயே இருங்கள். பின்னால் இந்த ட்ரைட்டோனை வேண்டுமென்றே பயன்படுத்தப் போகிறோம். அப்போது எது தவறி வந்தது, எது தெரிந்து வைத்தது என்று காதுதான் சொல்ல வேண்டும்.

மூன்று நோட் அடுக்கு

இடது கையில் டி3, ஜி3, சி4. சுண்டுவிரல் டி-யில், ஆள்காட்டி விரல் ஜி-யில், கட்டைவிரல் சி-யில். வலது கையில் இதையே ஓர் ஆக்டேவ் மேலே பிடிக்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல். கீழ் நோட்டிலிருந்து மேல் நோட்டுவரை பத்து செமிடோன், அதாவது ஒரு மைனர் செவன்த். ஆக்டேவ் எட்டாத சிறிய கைக்கும் இது பெரும்பாலும் எட்டும். நான்காவது ஃபோர்த் நோட்டையும் சேர்த்தால் பதினைந்து செமிடோன் ஆகிவிடும். அதை ஒரே கையில் இழுத்துப் பிடிக்க முயல வேண்டாம். மணிக்கட்டு இறுகும், நோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். மூன்றுக்கு மேல் போனால் இரண்டு கை.

பிடித்துவிட்டீர்கள் என்றால் ஒரு சோதனை. டி, ஜி, சி-யை அழுத்தி விடுங்கள். பிறகு அதே மூன்று நோட்டுகளை நெருக்கி சி, டி, ஜி என்று அழுத்துங்கள். நோட்டுகள் மாறவில்லை, ஆனால் திறந்த தன்மை போய்விட்டது. சி-யும் டி-யும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உரசுகின்றன. இது சி சஸ் டூ என்று நீங்கள் ஏற்கெனவே அறிந்த கார்டு. ஜி, சி, டி என்று வைத்தால் ஜி சஸ் ஃபோர். குவார்ட்டல் அடுக்கும் சஸ் கார்டும் ஒரே நோட்டுகளின் வெவ்வேறு அடுக்குமுறைகள். எனவே இங்கே நோட்டின் பெயரைவிட அவற்றுக்கு இடையே உள்ள தூரம் முக்கியம். தேர்ட் கார்டுகளில் இன்வர்ஷனை மாற்றினாலும் அது அதே கார்டாகவே கேட்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

எவ்வளவு கீழே போகலாம்? அடுக்கின் கீழ் நோட் சி3-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்ல தொடக்கம். அதற்குக் கீழே மூன்று நோட்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று பிரிக்க முடியாத உறுமலாகிவிடும். சிறிய ஸ்பீக்கர் உள்ள டிஜிட்டல் பியானோவில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மேல் எல்லை அவ்வளவு கறாரானது அல்ல, ஆனால் சி5-க்கு மேலே அடுக்கு மெலிந்து மணியோசைபோல ஆகிவிடும். அப்படி ஒலிக்க வேண்டும் என்றே சிலர் அங்கே போவார்கள்.

பேஸை மாற்றுங்கள், அடுக்கை மாற்றாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் பயிற்சி செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு ஃபோர்த்தின் இரண்டு நோட்டுகளின் அதிர்வெண்களும் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதனால் காது மேல் நோட்டையே வீடாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். சி, எஃப் என்று வாசித்தால் எஃப்-தான் ரூட் என்று தோன்றும். அதற்கு மேல் பி ஃபிளாட்டை வைத்தால் இப்போது எஃப்-பி ஃபிளாட் ஜோடி வீட்டை இன்னும் மேலே தள்ளுகிறது. அடுக்கு வளர வளர ரூட் எது என்ற உறுதி தேய்கிறது. ஆகவே குவார்ட்டல் கார்டு தன்னளவில் ஒரு பெயரைச் சுமப்பதில்லை. பேஸில் என்ன ஒலிக்கிறதோ அதை வைத்துத்தான் பெயர் பெறுகிறது.

வலது கையில் இ4, ஏ4, டி5 பிடியுங்கள். இந்தக் கையை இனி அசைக்க வேண்டாம். இடது கையில் சுண்டுவிரலால் ஒவ்வொரு பேஸ் நோட்டாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணிக்கை கொடுங்கள்.

முதலில் சி3. இப்போது இ தேர்ட் ஆகிறது, ஏ சிக்ஸ்த், டி நைன்த். காதில் விழுவது சி சிக்ஸ் நைன் என்ற அமைதியான மேஜர் கார்டு. அடுத்து எஃப்2. இ இப்போது மேஜர் செவன்த், ஏ தேர்ட், டி சிக்ஸ்த். மேஜர்தான், ஆனால் இன்னும் மென்மையானது. அடுத்து பி ஃபிளாட்2. டி தேர்ட் ஆகிறது, ஏ மேஜர் செவன்த், இ ஷார்ப் லெவன்த். திடீரென்று மேகத்துக்குள் போனதுபோல இருக்கும். அடுத்து ஏ2. தேர்டே இல்லை, ஏ சஸ் ஃபோர். கடைசியாக டி3. ரூட், ஃபிஃப்த், நைன்த் மட்டும், மேஜரும் இல்லை மைனரும் இல்லை.

வலது கை ஒரு முறைகூட அசையவில்லை. ஐந்து கார்டுகள் கேட்டன. தனியாக வாசிக்கும்போது புதியவர்களின் குவார்ட்டல் கார்டுகள் "அழகாக இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை" என்று ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் பேஸ் இல்லாததுதான். பேண்டில் பேஸ் கிட்டார்காரர் இருந்தால் அந்த வேலையை அவர் பார்த்துக்கொள்வார். தனியாக வாசிக்கும்போது நீங்கள்தான் ரூட்டை எங்காவது ஒலிக்க வைக்க வேண்டும்.

டோரியன் ஸ்கேலில் நடப்பது

இனி அடுக்கை நகர்த்துவோம். டி, ஜி, சி-யில் தொடங்கி, மூன்று விரல்களையும் ஒரே நேரத்தில் அடுத்த வெள்ளைக் கட்டைக்கு நகர்த்துங்கள். வரிசை இப்படிப் போகும்:

டி–ஜி–சி
இ–ஏ–டி
எஃப்–பி–இ
ஜி–சி–எஃப்
ஏ–டி–ஜி
பி–இ–ஏ
சி–எஃப்–பி

ஏழில் ஐந்து அடுக்குகள் சுத்தமான ஃபோர்த்கள். எஃப்-இல் தொடங்குவதிலும் சி-யில் தொடங்குவதிலும் மட்டும் எஃப்-பி என்ற ட்ரைட்டோன் நுழைகிறது. இது பிழையல்ல. ஸ்கேலுக்குள்ளேயே இருக்க வேண்டுமானால் இதைத் தவிர்க்கவும் முடியாது. சொல்லப்போனால் இந்த இரண்டும் இல்லாவிட்டால் வரிசை சப்பென்று இருக்கும். ஐந்து அடுக்குகள் மிதந்துகொண்டிருக்கும்போது இவை வந்து கொஞ்சம் உறைப்பு சேர்க்கின்றன. நடைமுறையில் நாம் செய்வது இவற்றில் நெடுநேரம் நிற்காமல் கடந்து போவதுதான். பாட்டு முடியும் இடத்தில் எஃப்–பி–இ வேண்டாம், டி–ஜி–சி அல்லது இ–ஏ–டி வைக்கலாம்.

இதை ஒரு எட்டு பார் பயிற்சியாக்குவோம். மெட்ரோனோம் 70, ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கையிலும் இடது கை டி2, ஏ2 இரண்டையும் சேர்த்து அழுத்தட்டும். இது டைனரின் இடது கையில் அடிக்கடி கேட்கும் பழக்கம். அடியில் ஒரு வெறும் ஃபிஃப்த்தைப் போட்டு ரூட்டை உறுதிசெய்துவிட்டு, மேலே ஃபோர்த்களைச் சுதந்திரமாக ஓடவிடுவார். ரூட்டும் ஃபிஃப்த்தும் மட்டும் இருப்பதால் இவ்வளவு கீழேயும் அது கலங்காது. வலது கை இரண்டாம் எண்ணிக்கைக்கும் மூன்றாம் எண்ணிக்கைக்கும் நடுவில், "இரண்டு-அண்ட்" என்று எண்ணும்போது அந்த "அண்ட்"-இல், டி4–ஜி4–சி5 வாசிக்கட்டும். இரண்டாம் பாரில் அதே இடத்தில் இ–ஏ–டி. மூன்றாவதில் எஃப்–பி–இ. நான்காவதில் மீண்டும் இ–ஏ–டி. ஐந்து முதல் எட்டுவரை ஜி–சி–எஃப், எஃப்–பி–இ, இ–ஏ–டி, டி–ஜி–சி என்று இறங்குங்கள்.

சஸ்டெய்ன் பெடலை இங்கே கவனிக்க வேண்டும். டி–ஜி–சி, இ–ஏ–டி, எஃப்–பி–இ ஆகிய மூன்றையும் பெடலை மிதித்தபடி வாசித்துப் பாருங்கள். மூன்றிலும் உள்ள நோட்டுகளைக் கூட்டினால் டி, ஜி, சி, இ, ஏ, எஃப், பி. ஸ்கேலின் ஏழு நோட்டுகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. மூன்றே கார்டுகளில் திறந்த ஒலி கூழாகிவிட்டது. தேர்ட் கார்டுகளில் பெடலைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தாலும் தப்பித்துக்கொள்ளலாம், இங்கே முடியாது. ஒவ்வொரு அடுக்குக்கும் புதிய பெடல், அல்லது பெடலே வேண்டாம். மேலே உள்ள பயிற்சியில் ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கையில் பேஸ் விழும்போது மிதித்து, அடுத்த பாரின் பேஸ் விழும் கணத்தில் எடுத்து மிதியுங்கள்.

இன்னொன்று, தொடுகை. மூன்று விரல்களும் ஒரே எடையில் இறங்கினால் ஒரு கட்டி மாதிரி கேட்கும். சுண்டுவிரலுக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுங்கள். மேல் நோட்டுகளை மட்டும் கோர்த்தால் சி, டி, இ, டி, எஃப், இ, டி, சி என்று ஒரு சின்ன மெட்டு இருக்கிறது. அது கேட்க வேண்டும்.

வலது கையில் மெட்டு வாசிக்க விரும்பினால் அடுக்குகளை இடது கைக்கு, டி3-லிருந்து மேலே, மாற்றிவிடுங்கள். டி டோரியனுக்குள் டி மைனர், இ மைனர், ஏ மைனர் ஆகிய மூன்று பென்டடானிக் ஸ்கேல்களும் அடங்கும். அவற்றில் எதையும் வாசிக்கலாம். பென்டடானிக் ஸ்கேல் ஃபோர்த்களோடு இவ்வளவு இயல்பாகச் சேர்வதற்குக் காரணம் உண்டு. இ, ஏ, டி, ஜி, சி என்று ஐந்து நோட்டுகளை ஃபோர்த்களாக அடுக்கினால் கிடைப்பவை சி மேஜர் பென்டடானிக்கின் நோட்டுகளேதான். சி-யை ஸ-வாக வைத்தால் மோகனம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களையும் க, த, ரி, ப, ஸ என்று மாற்றி அடுக்கினால் ஒரு முழு குவார்ட்டல் கார்டு.

ஐந்து நோட், இரண்டு கை

இப்போது எவன்ஸின் கார்டு. மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' பாட்டில் பேஸ் ஒரு வரியைக் கேட்க, மற்றவர்கள் இரண்டே கார்டுகளில் பதில் சொல்வார்கள். பியானோக்காரர்கள் இந்த அமைப்பையே அந்தப் பாட்டின் பெயரால் அழைக்கிறார்கள்.

இடது கையில் இ3, ஏ3. வலது கையில் டி4, ஜி4, பி4. கீழிருந்து மூன்று ஃபோர்த்கள், உச்சியில் மட்டும் ஒரு மேஜர் தேர்ட். கிட்டார் வாசித்திருந்தால் இது தெரிந்த வரிசையாக இருக்கும். தடித்த கம்பியிலிருந்து முதல் ஐந்து கம்பிகளையும் எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருவது இதே இ, ஏ, டி, ஜி, பி.

இரண்டாவது கார்டு, இதையே அப்படியே ஒரு முழு டோன் இறக்கியது: டி, ஜி, சி, எஃப், ஏ. முதல் கார்டை நீட்டி ஒன்றரை எண்ணிக்கைக்கும், இரண்டாவதைக் குட்டையாக அரை எண்ணிக்கைக்கும் வாசியுங்கள். குட்டையானதை வெட்டியது போல விட வேண்டும், இழுக்கக் கூடாது.

உச்சியில் ஏன் தேர்ட்? டி-யிலிருந்து ஐந்து நோட்டுகளையும் சுத்தமான ஃபோர்த்களாக அடுக்கினால் டி, ஜி, சி, எஃப், பி ஃபிளாட் வரும். டி டோரியனில் பி ஃபிளாட் கிடையாது, பி-தான் உண்டு. ஏ-யை வைத்தால் ஸ்கேலுக்குள்ளேயே இருக்கலாம். அதோடு டி மைனரின் ரூட், தேர்ட், ஃபிஃப்த், செவன்த் நான்கும், கூட ஜி-யும் கிடைத்துவிடும். உச்சியில் இருக்கும் அந்தத் தேர்ட்டில் கொஞ்சம் இனிமையும் இருக்கிறது. கீழே உள்ள ஃபோர்த்களின் வெறுமையை அது ஈடுசெய்கிறது.

அந்தப் பாட்டு 32 பார். முதல் 16 டி டோரியன், அடுத்த எட்டு இ ஃபிளாட் டோரியன், கடைசி எட்டு மீண்டும் டி. நடுப்பகுதிக்கு எல்லாவற்றையும் ஒரு செமிடோன் ஏற்ற வேண்டும். முதல் கார்டு எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், சி ஆகிறது. இரண்டாவது கார்டில் ஒரு வேடிக்கை நடக்கிறது. இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட். ஐந்தும் கறுப்புக் கட்டைகள், ஒரு ஆக்டேவில் உள்ள ஐந்துமே. வெள்ளையில் பழகிய கை இங்கே தடுமாறும். விரல்களை வளைப்பதைக் குறைத்து, கையையே சற்று மூடியின் பக்கம் உள்ளே தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

இந்தப் பிடியையும் முன்புபோல வெவ்வேறு பேஸ்களின்மேல் வைத்துப் பாருங்கள். பேஸுக்கு ஒரு கை வேண்டும் என்பதால் யாரையாவது கீழ்க் கட்டையை அழுத்தச் சொல்லுங்கள், அல்லது பேஸை முதலில் வாசித்துப் பெடலில் நிறுத்திவிட்டுக் கார்டைப் பிடியுங்கள். இ, ஏ, டி, ஜி, பி-யின் அடியில் சி வைத்தால் செவன்த், சிக்ஸ்த், நைன்த் எல்லாம் கூடிய நிறைவான சி மேஜர். எஃப் வைத்தால் ஷார்ப் லெவன்த்தோடு கூடிய லிடியன் ஒலி. டி மைனருக்காகக் கற்றது மூன்று இடங்களில் உதவுகிறது.

சாதாரணப் பாட்டில் எங்கே வைப்பது

டோரியனில் ஒரே இடத்தில் நின்று வாசிப்பது ஒன்று, கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும் பாட்டில் இதை நுழைப்பது வேறு. அடிக்கடி வரும் டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் என்ற நகர்வை எடுத்துக்கொள்வோம். இடது கைக்கு இப்படி:

டி மைனர் செவன்த்துக்கு டி3–ஜி3–சி4
ஜி செவன்த்துக்கு எஃப்3–பி3–இ4
சி மேஜருக்கு இ3–ஏ3–டி4

ஜி செவன்த்தில் எஃப் செவன்த், பி தேர்ட், இ தர்டீன்த். முன்பு கடந்து போகச் சொன்ன அதே ட்ரைட்டோன் அடுக்குதான் இங்கே சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் ஜி செவன்த்தின் வேலையே எங்கோ போகத் துடிப்பது. மூன்று விரல்களும் ஒரு படி இறங்கினால் சி மேஜரில் வந்து நிற்கிறோம். ரூட்களை வலது கையாலோ பாடியோ ஒலித்துப் பார்த்தால் நகர்வு தெளிவாகக் கேட்கும்.

சி மேஜருக்கு சி–எஃப்–பி ஃபிளாட் வைக்கவில்லை, இ–ஏ–டி வைத்தோம் என்பதைக் கவனியுங்கள். ரூட்டிலிருந்தே அடுக்கத் தொடங்குவதுதான் புதியவர்களின் இயல்பு. பாட்டின் மெட்டு இ-யில் வந்து நிற்கும்போது அடியில் எஃப்-ம் பி ஃபிளாட்டும் இருந்தால், மெட்டு மேஜர் என்கிறது, கார்டு இல்லை என்கிறது. கேட்பவருக்கு நீங்கள் தப்புக் கார்டு பிடித்ததாகவே தோன்றும். மேஜர் கார்டு என்றால் தேர்ட்டிலிருந்து அடுக்குங்கள், எந்த ஸ்கேலாக இருந்தாலும். ஜி மேஜருக்கு பி–இ–ஏ, எஃப் மேஜருக்கு ஏ–டி–ஜி. மைனரில் ரூட்டிலிருந்து அடுக்கலாம், அங்கே மோதல் வராது.

முழுப் பாட்டையும் ஃபோர்த்களால் நிரப்பினாலும் பிரச்சினை வரும். ஒரே வடிவம் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே இருந்தால் எட்டு பாருக்குள் காது சலித்துவிடும். இரண்டு வகையில் இதைச் சரிசெய்யலாம். ஒன்று, தேர்ட் கார்டுகளுக்கு நடுவே தேர்ந்த இடங்களில் மட்டும் அடுக்கை வைப்பது. பாட்டு ஒரே கார்டில் இரண்டு பார், நான்கு பார் நிற்கும் இடங்கள் இதற்குத் தோதானவை. மற்றது, அடுக்கை ஒரு செமிடோன் வெளியே தள்ளித் திரும்ப அழைத்து வருவது. டி–ஜி–சி, பிறகு அரை எண்ணிக்கைக்கு மட்டும் இ ஃபிளாட்–ஏ ஃபிளாட்–டி ஃபிளாட், உடனே மீண்டும் டி–ஜி–சி. தேர்ட் இல்லாததால் இப்படி வெளியே போய் வருவது தவறாக ஒலிப்பதில்லை. ஆனால் பலமான எண்ணிக்கையில் வெளியே நின்றுவிட்டால் அது தவறாகவே கேட்கும். போவது பலவீனமான இடத்தில், திரும்புவது பலமான இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர்கள் பாடிக்கொண்டே வரும் பாட்டில், முக்கியமாகப் பல்லவியில், இதைக் குறைத்துக்கொள்வதே நல்லது. பாடுபவர் தன் சுருதியைக் கார்டின் தேர்ட்டைக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்கிறார். அந்த நோட் காணாமல் போனால் பயிற்சி இல்லாத குரல் அலையத் தொடங்கும். இன்ட்ரோ, இடையிசை, முடிவு ஆகியவற்றில் அடுக்குங்கள். பாடல் வரிகள் வரும்போது தேர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்.